பதிவிறக்கிய பாடல் சில வாரங்களில் ஏன் பாட மறுக்கிறது?

சந்தா கட்டிப் பாட்டுக் கேட்கும் செயலி ஒன்றில் நூற்றுக்கணக்கான பாடல்களைக் கைபேசியில் இறக்கி வைத்துக்கொண்டு, இணையமே கிடைக்காத இடத்துக்குச் செல்பவர், முதல் சில வாரங்கள் எந்தத் தடையும் இல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு ஒருநாள் பாடல்களின் பெயர்கள் எல்லாம் சாம்பல் நிறத்துக்கு மாறி, தொட்டாலும் ஒலிக்காமல், இணையத்தோடு இணையும்படி கேட்கும் ஒரு வரி மட்டும் திரையில் நிற்கும். கைபேசியின் சேமிப்பகத்தைத் திறந்து பார்த்தால் அந்தப் பாடல்கள் பிடித்திருந்த இடம் அப்படியே இருக்கும். ஒரு பாடலும் அழிந்திருக்காது, ஒரு கோப்பும் கெட்டுப்போயிருக்காது. கோப்பு கையில் இருக்கும்போதே பாட்டு நின்றுபோவது எப்படி என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது.

இதற்கான விடை, பதிவிறக்கம் என்ற சொல்லுக்கு நாம் கொடுத்துக்கொண்டிருக்கும் பொருளில் இருக்கிறது. ஒரு படத்தையோ ஆவணத்தையோ இறக்கும்போது நம் கைக்கு வருவது ஒரே ஒரு பொருள். சந்தா சேவையில் ஒரு பாடலை இறக்கும்போது வருபவை இரண்டு. ஒன்று, பூட்டப்பட்ட பாடல் கோப்பு. மற்றொன்று, அந்தப் பூட்டைத் திறப்பதற்கான சாவியும், அதை இன்ன தேதி வரை பயன்படுத்தலாம் என்ற அனுமதியும் அடங்கிய சிறிய தரவுத் துண்டு. இந்த இரண்டாவது பொருளை உரிமம் என்று அழைக்கலாம். கோப்புக்குக் காலாவதி கிடையாது, உரிமத்துக்கு உண்டு.

பூட்டிய கோப்பும் தேதியிட்ட உரிமமும்

நான்கு நிமிடப் பாடல் ஒன்றை நொடிக்கு 320 கிலோபிட் என்ற உயர்ந்த தரத்தில் இறக்கினால் அது ஏறத்தாழ 9.6 மெகாபைட் இடத்தைப் பிடிக்கும். அந்தக் கோப்பை வேறு ஏதாவது இசைச் செயலியில் திறக்க முயன்றால், அது பாடல் என்றே அடையாளம் காணப்படாது. ஏனெனில் உள்ளே இருக்கும் ஒலித் தரவு குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. அதாவது, சரியான சாவி இல்லாதவருக்கு அது பொருளற்ற எண்களின் குவியலாக மட்டுமே தெரியும்படி மாற்றி எழுதப்பட்டிருக்கிறது.

சாவி அதே கைபேசியில்தான் இருக்கிறது. இல்லாவிட்டால் இணையமின்றி ஒருநாள்கூடக் கேட்க முடியாது. ஆனால் அது வெளிப்படையாகக் கிடப்பதில்லை. அந்தக் கைபேசிக்கே உரிய மற்றொரு ரகசியச் சாவியால் அது மறுபடியும் பூட்டப்பட்டு, செயலிக்கு மட்டுமே எட்டும் இடத்தில், பல கருவிகளில் அதற்கென்றே ஒதுக்கப்பட்ட பாதுகாப்பான பகுதியில், வைக்கப்படுகிறது. இதனால்தான் பாடல் கோப்புகளை எல்லாம் ஒரு கைபேசியிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுத்தாலும் அங்கே அவை ஒலிப்பதில்லை. கோப்பு பயணம் செய்துவிடும். சாவி பயணம் செய்யாது.

நாம் ஒரு பாடலைத் தொடும்போது செயலி முதலில் உரிமத்தைப் படிக்கிறது. அதில் எழுதியிருக்கும் கருவி இதுதானா, அதில் எழுதியிருக்கும் தேதி இன்னும் வரவில்லையா என்ற இரண்டையும் சரிபார்க்கிறது. இரண்டும் பொருந்தினால் சாவியை எடுத்து, கோப்பைச் சிறு சிறு துண்டுகளாக, ஒலிக்க வேண்டிய நேரத்துக்குச் சற்று முன்னதாக மட்டும், தற்காலிக நினைவகத்தில் திறக்கிறது. திறந்த துண்டு ஒலித்து முடிந்ததும் மறைந்துவிடுகிறது. பூட்டப்படாத பாடல் முழுமையாக எங்கும் சேமிக்கப்படுவதில்லை. ஆகவே ஒவ்வொரு முறை கேட்கும்போதும் சாவி தேவைப்படுகிறது. இறக்கிய அன்று ஒருமுறை மட்டும் தேவைப்பட்டிருந்தால் தேதிக்கு எந்தப் பொருளும் இருந்திருக்காது.

உரிமத்தில் இருக்கும் தேதியைத் திருத்திவிட்டால் என்ன என்று சிலருக்குத் தோன்றும். சேவை நிறுவனம் உரிமத்தை அனுப்பும்போதே அதன் மீது ஒரு மின்னொப்பம் இடுகிறது. உரிமத்தின் ஒவ்வோர் எழுத்தையும் கணக்கில் கொண்டு உருவாக்கப்படும் எண் அது. ஓர் இலக்கத்தை மாற்றினாலும் ஒப்பம் பொருந்தாமல் போய், உரிமம் முழுவதுமே செல்லாததாகிவிடும். புதிய ஒப்பத்தை உருவாக்கத் தேவையான ரகசியம் நிறுவனத்தின் சேவையகத்தில், அதாவது சர்வரில், மட்டுமே இருக்கிறது.

தேதி எதற்காக?

இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும், ஏனெனில் பெரும்பாலானோர் இதை நிறுவனத்தின் பிடிவாதமாக மட்டுமே பார்க்கிறார்கள். உண்மையில் இது ஒரு தொடர்புச் சிக்கலுக்குக் கண்டுபிடிக்கப்பட்ட தீர்வு.

சந்தா சேவையில் நாம் பாடலை விலைக்கு வாங்குவதில்லை; சந்தா நடப்பில் இருக்கும் வரை கேட்கும் உரிமையைத்தான் பெறுகிறோம். சந்தா நின்றால் உரிமையும் நிற்க வேண்டும். இணையத்தில் இருக்கும் கைபேசிக்கு, "இவரது சந்தா முடிந்தது, பூட்டிவிடு" என்று சேவையகம் சொல்லிவிடலாம். இணையத்தில் இல்லாத கைபேசிக்கு எதையும் சொல்ல முடியாது. அந்தக் கைபேசியிலிருந்து எந்தச் செய்தியும் வரவில்லை என்றால், அதன் உரிமையாளர் மலையேறிக்கொண்டிருக்கிறாரா, அல்லது ஒரு மாதச் சந்தா கட்டி ஆயிரக்கணக்கான பாடல்களை இறக்கிக்கொண்டு நிரந்தரமாக இணையத்தைத் துண்டித்துவிட்டாரா என்பதைச் சேவையகத்தால் பிரித்தறியவே முடியாது. இருவரும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருப்பார்கள்.

ஆகவே நிறுத்து என்ற கட்டளையைப் பின்னால் அனுப்புவதற்குப் பதிலாக, நிறுத்த வேண்டிய நாளை முன்கூட்டியே உரிமத்துக்குள் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். தொடர் என்ற செய்திதான் அவ்வப்போது வர வேண்டும். அது வராவிட்டால் உரிமம் தானாகவே முடிந்துபோகும். இந்த முறையில் எந்தக் கைபேசியையும் தேடிப் போய்ப் பூட்ட வேண்டிய தேவை இல்லை. கணினித் துறையில் இதைக் குத்தகை என்றே சொல்வார்கள். புதுப்பிக்காத குத்தகை தன் நாளில் முடிகிறது, அதை யாரும் ரத்து செய்ய வேண்டியதில்லை.

இந்த ஏற்பாடு கைபேசிச் செயலிகளோடு பிறந்ததன்று. 2005-ஆம் ஆண்டில் நாப்ஸ்டர் நிறுவனம் மாதச் சந்தா கட்டிக் கையடக்க இசைக் கருவிகளில் பாடல்களை எடுத்துச் செல்லும் சேவையைத் தொடங்கியபோது, மைக்ரோசாஃப்ட் உருவாக்கிய, ஜேனஸ் என்ற உள்பெயர் கொண்ட பூட்டு முறை அதில் பயன்பட்டது. அந்தக் கருவிகளில் இணைய வசதியே கிடையாது. அதனால் அவ்வப்போது அவற்றைக் கம்பி வழியே கணினியுடன் இணைத்து உரிமங்களைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதற்காகவே அந்தச் சிறு கருவிகளுக்குள் பயன்படுத்துபவரால் மாற்ற முடியாத கடிகாரம் ஒன்றும் தேவைப்பட்டது. இன்று கம்பியின் இடத்தை இணையம் எடுத்துக்கொண்டிருக்கிறது. உள்ளே நடக்கும் வேலை ஏறத்தாழ அதேதான்.

ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக் ஆகிய இரண்டும் 30 நாள்களுக்கு ஒருமுறையாவது இணையத்தோடு இணைய வேண்டும் என்பதை வெளிப்படையாகவே அறிவித்திருக்கின்றன. சந்தா மாதந்தோறும் வசூலாகும்போது, பணம் கட்டாத ஒருவர் கூடுதலாகக் கேட்கக்கூடிய காலம் ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் அடங்கிவிடுகிறது என்பதால், 30 என்ற எண் இந்த முறைக்கு இயல்பாகப் பொருந்துகிறது. 7 நாள் என்று வைத்திருந்தால் நீண்ட பயணம் செல்பவர்கள் அனைவரும் பாதிக்கப்பட்டிருப்பார்கள்; 90 நாள் என்றால் ஒரு மாதப் பணத்துக்கு மூன்று மாதம் கேட்கலாம்.

இணையத்தோடு இணையும்போது என்ன நடக்கிறது?

செயலியைத் திறந்ததும், இணையம் இருந்தால், அது சேவையகத்துக்கு ஒரு சிறிய வேண்டுகோளை அனுப்புகிறது. அதில் கணக்கின் அடையாளம், கருவியின் அடையாளம், அந்தக் கருவியில் இறக்கி வைத்திருக்கும் பாடல்களின் விவரம் ஆகியவை இருக்கும். சேவையகம் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுகிறது. இந்தக் கணக்கின் சந்தா நடப்பில் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. இந்தக் கருவி, கணக்குக்கு அனுமதிக்கப்பட்ட கருவிகளின் எண்ணிக்கைக்குள் வருகிறதா என்பது இரண்டாவது. ஸ்பாட்டிஃபையில் 5 கருவிகள் வரை, ஒவ்வொன்றிலும் 10,000 பாடல்கள் வரை இறக்கி வைக்கலாம். அந்தப் பாடல்களை இந்த நாட்டில் வழங்கும் உரிமை இன்னும் நிறுவனத்திடம் இருக்கிறதா என்பது மூன்றாவது. பாடல் வெளியீட்டாளரோடு செய்துகொண்ட ஒப்பந்தம் முடிந்திருந்தால், சேவையின் பட்டியலிலிருந்து அந்தப் பாடல் நீங்கியிருக்கும். நம் கைபேசியில் இருக்கும் பிரதியும் அதோடு நீங்க வேண்டும்.

விடை சாதகமாக இருந்தால் புதிய தேதியிட்ட உரிமம் திரும்பி வருகிறது. பாடல்கள் மறுபடியும் இறக்கப்படுவதில்லை. பூட்டிய கோப்புகள் ஏற்கெனவே இருக்கின்றன. வர வேண்டியது அந்தச் சிறு தரவு மட்டுமே. ஒரேயொரு பாடலை இறக்குவதற்குத் தேவைப்படும் தரவோடு ஒப்பிட்டாலும் இது மிகவும் சிறியது என்பதால், மெதுவான இணைப்பிலும் சில நொடிகளில் வேலை முடிந்துவிடும். இதை அறியாதவர்கள்தான், எல்லாப் பாடல்களையும் மறுபடி இறக்க வேண்டியிருக்குமே என்று அஞ்சி, பலவீனமான இணைப்பு கிடைத்த இடத்தில் செயலியைத் திறக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

அதே இணைப்பில் எதிர்த்திசையிலும் ஒரு தகவல் போகிறது. இணையம் இல்லாத நாள்களில் எந்தப் பாடலை எத்தனை முறை கேட்டோம் என்பதைச் செயலி குறித்து வைத்திருக்கிறது. இணைந்ததும் அந்தக் கணக்கைச் சேவையகத்திடம் ஒப்படைக்கிறது. பாடல் உரிமையாளர்களுக்குப் பணம் பிரித்துக் கொடுப்பது கேட்ட எண்ணிக்கையைப் பொறுத்தது என்பதால், இந்தக் கணக்கு வந்து சேராவிட்டால் நாம் காட்டிலும் கடலிலும் கேட்ட பாடல்களுக்கு உரியவர்களின் பங்கு கணக்கில் ஏறாது. இணையச் சோதனையைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் விட்டுப்போகும் பக்கம் இது. எனக்கு இதுவே முக்கியமானதாகத் தோன்றுகிறது.

உரிமத்தை எந்த அளவில் வழங்குவது என்பதில் இரண்டு வழிகள் உள்ளன. ஒவ்வொரு பாடலுக்கும் தனித்தனி உரிமமும் தனித்தனித் தேதியும் கொடுப்பது ஒரு வழி. கருவி முழுவதற்கும் ஒரே தேதியை வைத்துக்கொள்வது மற்றொரு வழி. முதல் வழியில் பாடல்கள் வெவ்வேறு நாளில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோகலாம். இரண்டாவதில் எல்லாம் ஒரே கணத்தில் நிற்கும். மாதக்கணக்கில் இறக்கிச் சேர்த்த பாடல்கள் அனைத்தும் ஒரே காலையில் சாம்பல் நிறமானால், இரண்டாவது வழி பின்பற்றப்படுகிறது என்று ஊகிக்கலாம்.

ஆறு வாரக் கடற்பயணம்

சரக்குக் கப்பலில் பணிபுரியும் பொறியாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவரிடம் ஒரு கைபேசியும் ஒரு டேப்லட்டும் இருக்கின்றன. இரண்டிலும் ஒரே கணக்கில் நுழைந்து, ஒரே 700 பாடல்களை உயர்ந்த தரத்தில் இறக்கி வைத்திருக்கிறார், பாடலுக்கு 9.6 மெகாபைட் என்றால் ஒவ்வொரு கருவியிலும் ஏறத்தாழ 6.7 ஜிகாபைட். டேப்லட்டில் இசைச் செயலியை இணையத்தோடு அவர் கடைசியாகத் திறந்தது 2025 பிப்ரவரி 20. கைபேசியில் கடைசியாகத் திறந்தது, கப்பல் புறப்படும் நாளான மார்ச் 4 இரவு 9 மணி. கப்பல் திரும்பிக் கரை சேரும் நாள் ஏப்ரல் 15. சேவை தரும் அவகாசம் 30 நாள்.

அவரது டேப்லட்டில் இருக்கும் உரிமத்தை மிகவும் எளிமைப்படுத்தி எழுதினால் இப்படி இருக்கும்:

```
device:    tablet-2
account:   active
issued:    2025-02-20
expires:   2025-03-22
signature: 9c41...e07b
```

மார்ச் 22 அன்று டேப்லட் பாட மறுக்கிறது. அதே கணக்கு, அதே பாடல்கள், சந்தாவும் கட்டப்பட்டிருக்கிறது, அருகில் இருக்கும் கைபேசியோ எந்தத் தடையுமின்றிப் பாடிக்கொண்டிருக்கிறது. டேப்லட் பழுதாகிவிட்டது என்று அவர் நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் அவகாசம் கணக்குக்கு உரியது அல்ல, கருவிக்கு உரியது. மார்ச் 4 அன்று கைபேசி இணைந்தபோது கைபேசியின் உரிமம் மட்டுமே புதுப்பிக்கப்பட்டது. பைக்குள் உறங்கிக்கொண்டிருந்த டேப்லட்டின் உரிமத்தை யாரும் தொடவில்லை.

நடுவில் மார்ச் 18 அன்று கப்பல் ஒரு துறைமுகத்தில் சில மணி நேரம் நின்றது. அவர் கைபேசியை அங்கிருந்த வைஃபையில் இணைத்து, வீட்டுக்குச் செய்தி அனுப்பினார். இசைச் செயலியை அவர் திறக்கவில்லை. கைபேசி இணையத்தில் இருந்தால் போதும் என்று நினைத்தார். கைபேசிகளின் இயங்குதளங்கள் மின்கலத்தைச் சேமிப்பதற்காகத் திறக்காத செயலிகள் பின்னணியில் இணையத்தைப் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்துகின்றன. சில சமயம் பின்னணியிலேயே புதுப்பிப்பு நடந்துவிடும். நடக்கும் என்று நம்பி இருக்க முடியாது. இவருக்கு அது நடக்கவில்லை. ஏப்ரல் 3 இரவு 9 மணியோடு கைபேசியின் உரிமமும் முடிந்தது. மார்ச் 18 அன்று செயலியை ஒரு நிமிடம் திறந்து வைத்திருந்தால் தேதி ஏப்ரல் 17 ஆகியிருக்கும். கரை சேரும் வரை பாடல்கள் இருந்திருக்கும்.

ஏப்ரல் 15 அன்று இரண்டு கருவிகளையும் இணையத்தோடு இணைத்து, இரண்டிலும் செயலியைத் திறக்கிறார். ஒரு நிமிடத்துக்குள் பாடல்கள் மறுபடி உயிர்பெறுகின்றன. 6.7 ஜிகாபைட்டில் எதுவும் திரும்ப இறங்கவில்லை. மூன்று பாடல்கள் மட்டும் சாம்பல் நிறத்திலேயே நிற்கின்றன. அவற்றை வழங்கும் உரிமை இந்த ஆறு வாரங்களுக்குள் முடிந்துவிட்டது. கடலில் இருந்தவரை அந்தச் செய்தி கருவியை எட்டாததால், காலாவதி நாள் வரை அவையும் பாடிக்கொண்டுதான் இருந்தன.

அவரது வங்கி அட்டை காலாவதியாகி மார்ச் 10 அன்று சந்தாப் பணம் போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் பார்த்துவிடலாம். கடலில் ஏப்ரல் 3 வரை ஒன்றும் மாறியிருக்காது, ஏனெனில் கைபேசிக்கு அது தெரியாது. மார்ச் 18 அன்று துறைமுகத்தில் செயலியைத் திறந்திருந்தால் அந்தக் கணத்திலேயே பாடல்கள் பூட்டப்பட்டிருக்கும். இணைந்ததால் உரிமம் நீள்வது சந்தா நடப்பில் இருப்பவருக்கு மட்டுமே.

கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளினால்?

தேதியை நம்பியே எல்லாம் நடக்கிறது என்றதும், கைபேசியின் தேதியை மார்ச் மாதத்துக்கு மாற்றிவிடலாமே என்ற எண்ணம் வருவது இயல்பு. இதைச் செயலிகள் எதிர்பார்த்தே இருக்கின்றன. எளிய தடுப்பு, தான் கடைசியாகப் பார்த்த நேரத்தைச் செயலி எழுதி வைத்துக்கொள்வது. ஏப்ரல் 3-ஐப் பார்த்துவிட்ட செயலியிடம் இன்று மார்ச் 10 என்று கடிகாரம் சொன்னால், காலம் பின்னால் ஓடாது என்பதால், கடிகாரம் மாற்றப்பட்டிருக்கிறது என்று அது முடிவுசெய்து, இணையத்தோடு இணைந்து சரியான நேரத்தைப் பெறும் வரை பாட மறுத்துவிடும். இரண்டாவதாக, கைபேசி இயக்கப்பட்ட கணத்திலிருந்து எத்தனை நொடிகள் கடந்திருக்கின்றன என்று எண்ணிக்கொண்டே இருக்கும் மற்றொரு அளவும் கருவியில் உண்டு; தேதியை மாற்றினாலும் அது மாறுவதில்லை. இரண்டையும் ஒப்பிட்டால் தலையிட்டது தெரிந்துவிடும். கைபேசியை அணைத்து இயக்கினால் இந்த எண்ணிக்கை பூச்சியத்திலிருந்து தொடங்கும் என்பதால் இது மட்டும் போதாது. அதனால்தான் முதல் தடுப்பும் வேண்டியிருக்கிறது.

நேர்மையாகப் பயன்படுத்துபவரையும் இந்தத் தடுப்பு சில வேளைகளில் தாக்கிவிடுகிறது. தேதியைத் தவறுதலாக ஓராண்டு முன்னால் வைத்துவிட்டுச் செயலியைத் திறந்தால், உரிமம் முடிந்துவிட்டதாக அது கருதும். பிறகு தேதியைச் சரிசெய்தால், காலம் பின்னால் போனதாகத் தெரியும். இந்த நிலையில் இணையம் ஒன்றுதான் வழி. ஆனால் தேதி தவறாக இருக்கும்போதே இணைய முயன்றால் அதுவும் பலிக்காமல் போகலாம். பாதுகாப்பான இணைய இணைப்பு ஒவ்வொன்றும் சேவையகத்தின் சான்றிதழைச் சரிபார்த்தே தொடங்குகிறது. அந்தச் சான்றிதழுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கைபேசி வேறோர் ஆண்டில் இருந்தால் சான்றிதழ் செல்லாததாகத் தெரிந்து, சோதனை தொடங்கும் முன்பே இணைப்பு முறிந்துவிடும். ஆகவே முதலில் தேதியையும் நேரத்தையும் தானியங்கி அமைப்பில் வைக்க வேண்டும். பிறகே செயலியைத் திறக்க வேண்டும்.

நேர மண்டலங்களைக் கடப்பதால் எந்தத் தொல்லையும் இல்லை. உரிமத்தின் தேதியை உலகப் பொது நேரத்தில் குறிப்பதுதான் வழக்கம். கைபேசி உள்ளூர் நேரத்தைக் காட்டினாலும், உள்ளே அது பொது நேரத்தையே எண்ணிக்கொண்டிருக்கும்.

நின்றுபோன காரணத்தை எப்படி அறிவது?

எல்லாப் பாடல்களும் ஒன்றாக நின்றிருந்து, சேமிப்பகத்தில் செயலி பிடித்திருக்கும் இடம் குறையாமல் இருந்தால், உரிமம் முடிந்திருக்கிறது அல்லது சந்தா நின்றிருக்கிறது. இணையத்தோடு இணைந்த பிறகும் ஓரிரு பாடல்கள் மட்டும் நின்று மற்றவை பாடினால், அந்தப் பாடல்களின் வழங்கல் உரிமை போயிருக்கிறது. எத்தனை முறை இணைந்தாலும் அவை திரும்பாது. சேமிப்பகத்தில் பிடித்திருந்த இடமே காலியாகியிருந்தால் அது வேறு கதை. செயலியை நீக்கி மறுபடி நிறுவியதாலோ, அதன் தரவை அழித்ததாலோ, அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் புதிய கருவியில் இறக்கியதால் பழைய கருவியின் பாடல்கள் நீக்கப்பட்டதாலோ அது நடந்திருக்கும். அப்போது கோப்பும் இல்லை, சாவியும் இல்லை. முழுவதையும் மறுபடி இறக்கத்தான் வேண்டும். ஆகவே இணையம் இல்லாத இடத்தில் பாடல் நின்றுவிட்டால், செயலியை நீக்கி நிறுவிப் பார்க்கலாம் என்ற வழக்கமான வைத்தியத்தை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். காலாவதியான உரிமம் சில நொடிகளில் திரும்பி வரும். அழிந்த ஏழு ஜிகாபைட் அப்படி வராது.

இணையம் இருந்தும் சோதனை நடக்காமல் போவதற்கு இரண்டு காரணங்களை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். ஒன்று, செயலிக்குள்ளேயே இருக்கும் இணையமில்லாப் பயன்முறை. தரவைச் சேமிப்பதற்காக எப்போதோ அதை இயக்கிவிட்டு மறந்துவிடுகிறோம். கைபேசி நாள் முழுதும் இணையத்தில் இருக்கும். செயலி மட்டும் தன்னை இணையத்திலிருந்து ஒதுக்கிவைத்துக்கொண்டிருக்கும். அப்படி 30 நாள் கடந்தால், நகரத்தின் நடுவில் இருந்தாலும் உரிமம் முடியும். மற்றொன்று, விடுதிகளிலும் நிலையங்களிலும் உள்ள பொது வைஃபை. அது இணைந்துவிட்டதாகத் திரையில் குறி காட்டும். ஆனால் உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்து ஒப்புதல் கொடுக்கும் வரை வெளியுலகுக்கு எந்தத் தரவும் போகாது. முதலில் உலாவியில் ஏதாவது ஓர் இணையப் பக்கம் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு இசைச் செயலியைத் திறப்பது நல்லது.

விலைக்கு வாங்கிய பாடலுக்கும் இது பொருந்துமா?

பொருந்தாது. பூட்டு இல்லாத எம்பி3 போன்ற கோப்பாக விற்கப்படும் பாடலில் உரிமத் தேதி எதுவும் இல்லை. ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடையும் 2009-இல் பாடல்களைப் பூட்டில்லாமல் விற்கும் முறைக்கு மாறியது. அதற்கு முன் விற்கப்பட்ட பூட்டிய பாடல்களுக்கு மாதாந்தரக் காலாவதி இல்லை என்றாலும், புதிய கணினியில் பாட வைப்பதற்குச் சேவையகத்தின் ஒப்புதல் வேண்டியிருந்தது. எம்எஸ்என் மியூசிக் கடையில் பாடல் வாங்கியிருந்தவர்களிடம், 2008 ஆகஸ்ட் 31-க்குப் பிறகு புதிய கணினிகளுக்கு ஒப்புதல் வழங்கப்போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தபோது, பணம் கொடுத்து வாங்கியவர்கள்கூடத் தங்கள் பாடல்கள் பழைய கணினியோடு முடிந்துவிடும் என்பதை உணர்ந்தார்கள். எதிர்ப்புக்குப் பிறகு அந்தக் காலக்கெடு 2011 இறுதி வரை நீட்டிக்கப்பட்டது.

புறப்படும் முன்

நீண்ட நாள் இணையமில்லாமல் இருக்கப்போகிறவர் செய்ய வேண்டிய வேலை சிறியது. புறப்படும் நாளில், முடிந்த அளவு கடைசி நேரத்தில், எடுத்துச் செல்லும் ஒவ்வொரு கருவியிலும் செயலியைத் தனித்தனியே திறந்து, இணையமில்லாப் பயன்முறை அணைந்திருப்பதை உறுதிசெய்துகொண்டு, இறக்காத ஏதாவது ஒரு புதிய பாடலைச் சில நொடிகள் ஒலிக்க வைக்க வேண்டும். இறக்காத பாடல் ஒலித்தால் செயலி உண்மையிலேயே சேவையகத்தோடு பேசிவிட்டது என்று பொருள். இறக்கிய பாடல் ஒலிப்பதை வைத்து அதை அறிய முடியாது. பிறகு விமானப் பயன்முறைக்கு மாற்றி, இறக்கிய பாடல்களில் சிலவற்றைத் தொட்டுப் பார்க்கலாம். அவை ஒலித்தால் உரிமம் இன்று செல்லும் என்பது மட்டுமே உறுதியாகும். என்று முடியும் என்பதை அந்தச் சோதனை சொல்லாது. காலாவதி நாளைச் செயலி திரையில் காட்டாவிட்டால், கடைசியாக இணைந்த நாளை ஒரு தாளில் குறித்து, அதோடு 30-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.